மாமாவின் இருபத்திரண்டரை சதவீதம்: டொலர் வைப்பின் உண்மை வருவாயைக் கணக்கிடுவது எப்படி

2022ஆம் ஆண்டு முடிந்த கையோடு என் மாமா ஒரு அப்பியாசக் கொப்பியில் நான்கு வரிக் கணக்கு எழுதினார். வங்கியில் அவருக்கு ஆயிரம் அமெரிக்க டொலர் வைப்பு இருந்தது. வட்டி 5. டொலர் விலை ஏறியது 81. இலங்கைப் பணவீக்கம் 57, அதைக் கழி. அமெரிக்கப் பணவீக்கம் ஆறரை, அதையும் கழி. மிச்சம் இருபத்திரண்டரை சதவீதம். அடியில் இரண்டு கோடு இழுத்துக் கொப்பியை மூடிவிட்டார்.

சரியான விடை 21 சதவீதம். மாமா ஏறத்தாழ அதைத் தொட்டுவிட்டார். ஆனால் அவர் போட்ட கணக்கில் இரண்டு பெரிய பிழைகள் இருந்தன. ஒன்று விடையை மேலே தூக்கியது, மற்றது கீழே இழுத்தது, இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. அதனால்தான் பிழை யாருடைய கண்ணிலும் படவில்லை. அடுத்த ஆண்டு அதே கணக்கைப் போட்டபோது அந்த அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை.

இலங்கையில் 2022க்குப் பிறகு டொலர் வைப்பைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. “டொலரில் போட்டவன் தப்பினான்” என்பார்கள். “டொலருக்கும் பணவீக்கம் இருக்கிறதே, அதையும் கழித்தால் என்ன மிஞ்சும்?” என்று வேறு சிலர் மறுப்பார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மாமாவின் ஆயிரம் டொலரை 2021 இறுதியிலிருந்து 2024 இறுதி வரை பின்தொடர்ந்தால் மீதிப் பாதி தெரியும். டொலர் விலையும் பணவீக்கமும் அந்தந்த ஆண்டு இறுதியின் அதிகாரபூர்வ எண்கள். வட்டியை மட்டும், கணக்கு எளிதாக இருக்க, ஆண்டுக்கு 5 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறேன். வரியை விட்டுவிடுகிறேன்.

## கொத்தும் படியும்

முதலில் பணத்தை மறந்துவிட்டு அரிசியை நினைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் அரிசியைக் கொத்தால் அளக்கிறார்கள். பக்கத்து ஊரில் படியால் அளக்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒரு விசித்திரம்: அளக்கும் பாத்திரம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது. எங்கள் ஊர்க் கொத்து வேகமாகச் சுருங்குகிறது, அவர்களின் படி மெதுவாக.

நான் பக்கத்து ஊர் வியாபாரியிடம் நூறு படி அரிசி கொடுத்து வைக்கிறேன். ஓராண்டு கழித்து அவர் நூற்றைந்து படியாகத் திருப்பித் தருகிறார். ஐந்து படி கூடுதல்தான். ஆனால் படியும் அந்த ஆண்டில் சுருங்கியிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் கொத்தால் அளக்கிறேன். எண்ணிக்கை இன்னும் எக்கச்சக்கமாக ஏறுகிறது, ஏனென்றால் கொத்து அதைவிட அதிகமாகச் சுருங்கிவிட்டது. படியின் எண்ணிக்கையும் கொத்தின் எண்ணிக்கையும் என்ன சொன்னாலும் சோறு எத்தனை நாளுக்கு வரும் என்பதுதான் எனக்கு வேண்டிய கேள்வி.

வங்கிப் புத்தகத்தில் ஏறும் எண்ணிக்கைக்குப் பெயரளவு வருவாய் என்று பெயர். அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருளின் அளவு எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பது உண்மை வருவாய். பாத்திரம் சுருங்குவதுதான் பணவீக்கம், அதாவது பொருள்களின் பொதுவான விலைமட்டம் ஏறும் வேகம்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரிசியை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் கொத்தால் அளந்தபின், எங்கள் கொத்து எவ்வளவு சுருங்கியது என்பதை மட்டும் சரிசெய்தால் போதும். பக்கத்து ஊர்ப் படி சுருங்கிய கதை அப்போதே முடிந்துபோகிறது. ஒரு படிக்கு எத்தனை கொத்து என்ற விகிதத்துக்குள் அது ஏற்கெனவே அடங்கிவிட்டது. மாமா அதை இன்னொரு முறை கழித்தார்.

## முதல் பிழை: கழிக்கக்கூடாது, வகுக்க வேண்டும்

இனி பணத்துக்கு வருவோம். 2021 இறுதியில் ஒரு டொலர் 200.43 ரூபாய். ஆயிரம் டொலரின் பெறுமதி 200,430 ரூபாய். ஓராண்டில் ஐம்பது டொலர் வட்டி சேர்ந்து அது 1,050 டொலர் ஆகிறது. 2022 இறுதியில் ஒரு டொலர் 363.11 ரூபாய். ஆகவே கையில் 381,266 ரூபாய்.

அதே ஓராண்டில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 57.2 சதவீதம் ஏறியது. ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் பொருள்களும் சேவைகளும் அடங்கிய கூடையின் விலையை மாதாமாதம் பதியும் கணக்கு அது. 2021 இறுதியில் 200,430 ரூபாய்க்கு வாங்கிய அதே கூடையை 2022 இறுதியில் வாங்க 315,076 ரூபாய் வேண்டும். மாமாவிடம் 381,266 இருக்கிறது. முன்னர் நூறு கூடை வாங்கியவர் இப்போது 121 கூடை வாங்கலாம். உண்மை வருவாய் 21 சதவீதம்.

வட்டியையும் டொலர் ஏற்றத்தையும் கூட்டி, இலங்கைப் பணவீக்கத்தைக் கழித்திருந்தால் 29 சதவீதம் வந்திருக்கும். எட்டுப் புள்ளி கூடுதல். கழிப்பது ஒரு குறுக்குவழிதான். வட்டி 5, பணவீக்கம் 3 என்று எண்கள் சிறியதாக இருக்கும்போது பெரிய தீங்கில்லை. எண்கள் பெரிதானால் குறுக்குவழி கவிழ்த்துவிடும். 57 சதவீதம் விலை ஏறிய ஊரில், மிஞ்சிய ஒவ்வொரு ரூபாயும் பழைய ரூபாயில் ஏறத்தாழ 64 சதம்தான் பெறும். அந்த மெலிந்த ரூபாயில் எண்ணிய மிச்சத்தைப் பழைய ரூபாய் முதலோடு ஒப்பிட்டால் இலாபம் ஊதித் தெரியும். வகுத்தால் இரண்டு பக்கமும் ஒரே பாத்திரத்துக்கு வந்துவிடும்.

மொத்தத்தையும் ஒரே வரியில் எழுதினால் இப்படி:

```
உண்மை மடங்கு = (1 + டொலர் வட்டி) × (இறுதி டொலர் விலை ÷ தொடக்க டொலர் விலை) ÷ (1 + இலங்கைப் பணவீக்கம்)

1.05 × (363.11 ÷ 200.43) ÷ 1.572 = 1.21
```

1க்கு மேலே இருப்பது இலாபம், 1க்குக் கீழே போனால் நட்டம். அமெரிக்கப் பணவீக்கம் இந்த வரியில் எங்குமே இல்லை என்பதைப் பாருங்கள்.

## அப்படியானால் அமெரிக்கப் பணவீக்கம் எங்கே போனது?

வரியில் இல்லை என்பதற்காக அது பொருட்டில்லை என்று ஆகிவிடாது. அது டொலர் விலைக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பார்ப்பதற்குத்தான் இரண்டு நாட்டுப் பணவீக்கமும் தேவைப்படுகிறது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், கட்டுரையின் கனம் முழுவதும் இங்கேதான்.

மாமாவின் வருவாயை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம். முதல் துண்டு, அந்த ஆயிரம் டொலரை ஓர் அமெரிக்கர் வைத்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்பது. 2022இல் அமெரிக்க நுகர்வோர் விலைகள் 6.5 சதவீதம் ஏறின. 1.05ஐ 1.065ஆல் வகுத்தால் 0.986. அந்த அமெரிக்கருக்கு 1.4 சதவீதம் நட்டம். வட்டி வாங்கியும் ஏழையானார்.

இரண்டாம் துண்டு, அமெரிக்கக் கூடையோடு ஒப்பிட்டால் இலங்கைக் கூடை எவ்வளவு மலிவானது என்பது. டொலர் விலை 1.81 மடங்கானது. அமெரிக்காவில் விலைகள் 1.065 மடங்கு, இலங்கையில் 1.572 மடங்கு. டொலர் மடங்கை அமெரிக்க விலை மடங்கால் பெருக்கி, இலங்கை விலை மடங்கால் வகுத்தால் 1.227 வருகிறது. இந்த மடங்கு காட்டுவது உண்மை நாணயமாற்று வீதத்தின் நகர்வை. இரு நாட்டு விலைகளையும் கணக்கில் எடுத்தபின், ஓர் அமெரிக்கக் கூடைக்கு ஈடாக எத்தனை இலங்கைக் கூடை கிடைக்கும் என்பதுதான் அந்த வீதம். 2022இல் அது 22.7 சதவீதம் டொலர்காரரின் பக்கம் நகர்ந்தது.

இரண்டு துண்டையும் பெருக்குங்கள். 0.986 பெருக்கல் 1.227, விடை 1.21. முன்னர் வந்த அதே 21 சதவீதம்.

மாமாவின் வருவாயில் டொலர் வைப்பு என்ற பொருளிலிருந்து வந்த பங்கு கழித்தல் 1.4 சதவீதம். மீதி முழுவதும் இலங்கை மலிந்துபோனதால் வந்தது. வங்கி கொடுத்த வட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டு பெரிய துண்டை விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: செலவு இலங்கையில் என்றால், ரூபாயாக்கி இலங்கைப் பணவீக்கத்தால் மட்டும் வகுக்க வேண்டும். ஏன் அப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பணவீக்கத்தையும் கொண்டு வருவாயைப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் கழிப்பது எந்தக் கேள்விக்கும் விடையில்லை.

## டொலர் ஏன் விலைகளை முந்திக்கொண்டு பாய்ந்தது?

இரண்டு நாட்டு விலைவாசிக்கு இடையிலான வித்தியாசத்தை நாணய விலை ஈடுகட்டிக்கொண்டே போகும் என்பது பொருளியலில் பழைய எண்ணம். வாங்கும் திறன் சமநிலை என்று அதற்குப் பெயர். கொத்து எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவுக்குக் கொத்தின் எண்ணிக்கை கூட வேண்டும், அவ்வளவுதான். அது அப்படியே நடந்திருந்தால் 2022இல் டொலர் 48 சதவீதம் அளவில்தான் ஏறியிருக்க வேண்டும், விலை ஏறத்தாழ 296 ரூபாயில் நின்றிருக்க வேண்டும். அது 363க்குப் போனது.

காரணம் முந்தைய மாதங்களில் இருக்கிறது. 2021இன் பிற்பகுதியிலும் 2022 தொடக்கத்திலும் டொலர் விலை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைக்கப்பட்டிருந்தது. அதைப் பிடித்துவைக்க மத்திய வங்கியிடம் இருந்த வெளிநாட்டு நாணய ஒதுக்கு கரைந்துகொண்டே போனது. 2022 மார்ச் 7ஆம் திகதி பிடி தளர்த்தப்பட்டது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. மே மாதத்துக்குள் டொலர் 360ஐத் தொட்டது. அணையில் தேங்கியிருந்த நீர் ஒரே இரவில் வந்தது போல. அதோடு அச்சமும் சேர்ந்தது. அச்சத்தில் பாயும் நாணயம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்பதில்லை, தாண்டிப் போய்த்தான் நிற்கும்.

தாண்டிப் போனது திரும்பி வரும். இதை மாமா எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

## 2023உம் 2024உம்

2023இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பல நீடித்தன, வெளிநாட்டுக் கடன் தவணைகள் பெரும்பாலும் நின்றிருந்தன. அதனால் டொலர் வெளியே போகும் வழி குறுகியிருந்தது. சுற்றுலாப் பயணிகளும் வெளிநாட்டிலுள்ளோர் அனுப்பும் பணமும் திரும்பி வரத் தொடங்கின. மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியத்தின் கடன் திட்டம் அங்கீகாரம் பெற்றது. டொலர் 323.92க்கு இறங்கியது. 2024 இறுதியில் இன்னும் இறங்கி 292.58.

விலைவாசியோ மெதுவாகிவிட்டது. 2023 டிசெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 4 சதவீதம். 2024 டிசெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழே, கழித்தல் 1.7. அதாவது முந்தைய ஆண்டைவிடக் கூடை சற்று மலிவாக இருந்தது. (விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன என்று இதற்குப் பொருளில்லை. ஏறியது ஏறியபடிதான், ஏற்றம்தான் நின்றது.)

மாமாவின் ஆயிரம் டொலர் 2023 இறுதியில் 1,102 டொலர் 50 சதமாக வளர்ந்திருந்தது. ரூபாயில் 357,122. அதற்கு முந்தைய ஆண்டு இறுதியில் 381,266 இருந்ததல்லவா? வட்டி சேர்ந்தும் ரூபாயில் 24,000க்கு மேல் குறைந்திருக்கிறது. கூடைக் கணக்கில் அந்த ஓராண்டு நட்டம் ஏறத்தாழ 10 சதவீதம். மாமா தன் பழைய முறையில் போட்ட கணக்கில் 13 சதவீதத்துக்கு மேல் நட்டம் வந்தது. அமெரிக்கப் பணவீக்கம் 3.4ஐயும் கழித்திருந்தார். இரண்டு பிழையும் ஒன்றையொன்று விழுங்காத ஆண்டு அது. அதன்பிறகுதான் கொப்பியை என்னிடம் நீட்டினார்.

2024 இறுதியில் வைப்பு 1,157 டொலர் 62 சதம். ரூபாயில் ஏறத்தாழ 338,700. 2021 இறுதியின் அதே கூடைகளை வாங்க இப்போது 322,100 ரூபாய் வேண்டும். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து உண்மை வருவாய் 5 சதவீதம் சொச்சம். ஆண்டுக்கு 1.7 சதவீதம் கூட முழுதாக இல்லை.

முதல் ஆண்டில் 21 சதவீதம் மேலே இருந்தவர் மூன்றாம் ஆண்டின் முடிவில் 5 சதவீதத்தில் நிற்கிறார். பிரித்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிகிறது. மூன்று ஆண்டில் அமெரிக்க விலைகள் மொத்தம் 13.3 சதவீதம் ஏறின. ஆகவே டொலர் வைப்பு அமெரிக்கருக்குக் கொடுத்த உண்மை வருவாய் மூன்று ஆண்டுக்கு 2.2 சதவீதம். மீதி 2.9 சதவீதம் உண்மை நாணயமாற்று வீதத்திலிருந்து வந்தது. 2022இல் 22.7 சதவீதம் நகர்ந்த அந்த வீதம் ஏறத்தாழ முழுவதும் திரும்பி வந்துவிட்டது.

இதே டொலரை 2022 இறுதியில், எல்லோரும் பதறியடித்துக்கொண்டிருந்தபோது 363 ரூபாய் கொடுத்து வாங்கி வைப்பிலிட்டவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆண்டில் 363,110 ரூபாய் 322,569 ஆனது. உண்மைக் கணக்கில் 13 சதவீதம் நட்டம். அந்த நாள்களில், அரசாங்கம் குறுகிய காலக் கடன் பெற விற்கும் ஓராண்டுத் திறைசேரி உண்டியல்கள் 29 சதவீதம் அளவில் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டுப் பணவீக்கம் 4ஆக இறங்கியபோது, ரூபாயில் இருந்தவரின் உண்மை வருவாய் 24 சதவீதம். “டொலரில் போட்டவன் தப்பினான்” என்பது எந்த மாதத்தில் போட்டவன் என்பதைப் பொறுத்தது.

## யாருடைய கூடை?

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு சராசரிக் குடும்பத்தின் கூடை. உங்கள் கூடை அதுவல்ல. ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: பெற்றோல், 92 ரகம். 2021 இறுதியில் ஒரு லீற்றர் 177 ரூபாய். மாமாவின் 200,430 ரூபாய்க்கு 1,132 லீற்றர் கிடைத்திருக்கும். 2024 இறுதியில் லீற்றர் 309 ரூபாய். வட்டியோடு வளர்ந்த 338,700 ரூபாய்க்கு 1,096 லீற்றர்தான். சுட்டெண்ணின்படி 5 சதவீதம் இலாபம் கண்ட அதே பணம், முச்சக்கர வண்டி ஓட்டுபவரின் தொட்டியில் 3 சதவீதம் நட்டம். 2021இல் உள்ளூர்ப் பெற்றோல் விலை குறைத்து வைக்கப்பட்டிருந்ததும், பிறகு செலவுக்கேற்ற விலையும் வரியும் வந்ததும்தான் காரணம்.

இன்னொருவரையும் பார்ப்போம். அவரது மகள் அமெரிக்காவில் படிக்கப் போகிறாள். டொலரைச் சேர்த்ததே கல்விக் கட்டணத்துக்காக. இவருக்கு ரூபாய் 363க்குப் போனாலும் 292க்கு வந்தாலும் ஒன்றுதான். அவர் செலவு செய்யப்போவது டொலரில், அங்கே. இவரது கணக்கில் கொழும்புச் சுட்டெண்ணுக்கு இடமே இல்லை. டொலர் வட்டியை அமெரிக்கப் பணவீக்கத்தால் வகுத்தால் போதும்: மூன்று ஆண்டில் 2.2 சதவீதம். கட்டணம் பொதுவான விலைகளைவிட வேகமாக ஏறியிருந்தால் அதுவும் குறையும். வேறொரு நாட்டில் படிப்பதாக இருந்தால் அந்த நாட்டு நாணயமும் அந்த நாட்டுப் பணவீக்கமும் கணக்குக்குள் வரும்.

ஆகவே எந்தப் பணவீக்கத்தை எடுப்பது என்ற கேள்விக்கு விடை, பணம் கடைசியில் எந்தக் கடையில் செலவாகப் போகிறது என்பதில் இருக்கிறது. பாதி இங்கே பாதி அங்கே என்றால் வைப்பையும் மனதளவில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் தனிக்கணக்குப் போட வேண்டும். ஒரே பாதிக்கு இரண்டு பணவீக்கத்தையும் கழிக்க ஒருபோதும் தேவை வராது.

## 200 ரூபாய்க்கு யார் தந்தார்கள்?

இதுவரையான கணக்கில் ஒரு சிறு நேர்மைக் குறை உண்டு. 2021 இறுதியில் டொலர் 200.43 ரூபாய் என்றேன். அது அதிகாரபூர்வ விலை. அந்த விலைக்கு டொலர் வேண்டும் என்று வங்கியில் கேட்டால் கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. வங்கிக்கு வெளியே பணம் மாற்றும் உண்டியல்காரரிடம் விலை அதைவிடக் கூடுதல். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய டொலரைக் கையில் வைத்திருந்தவருக்கும் உண்மையான மாற்று விலை அந்தக் கூடிய விலைதான். வங்கியில் வைக்காமல் அவர் அதை அப்போதே மாற்றியிருக்க முடியுமே!

தொடக்க விலையை 240 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு முடிவில் கூடைக் கணக்கில் 12 சதவீதம் நட்டம் வருகிறது. தொடக்கத்தில் ஒரேயொரு எண்ணை மாற்றியதற்கே 5 சதவீத இலாபம் 12 சதவீத நட்டமாகிவிட்டது. பிடித்துவைக்கப்பட்ட நாணய விலையைத் தொடக்கமாக வைத்துப் போடும் எந்தக் கணக்கையும் நான் இந்தக் காரணத்தால் ஐயத்தோடுதான் வாசிப்பேன். ஒரே டொலருக்கு இரண்டு விலை புழங்குகிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். புழங்கினால் நீங்கள் உண்மையில் கொடுத்த விலையைத்தான் எழுத வேண்டும்.

இன்னொரு கசிவு வங்கியின் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். செய்தித்தாளில் வரும் நடுவிலைக்கு யாரும் மாற்றித் தருவதில்லை. ரூபாய் கொடுத்து டொலர் வாங்கும்போது கொஞ்சம், டொலரை ரூபாயாக்கும்போது கொஞ்சம் போகும். இரண்டும் சேர்ந்து 3 சதவீதம் என்று வைத்தால், மாமாவின் மூன்று ஆண்டு 5 சதவீதம் 2 சதவீதமாகச் சுருங்கும். டொலராகவே வரவு வந்து டொலராகவே செலவாகும் கணக்குக்கு இந்தக் கசிவு இல்லை.

## போடுமுன் போடும் கணக்கு

நடந்து முடிந்ததைக் கணக்கிடுவது எளிது. வைப்புப் போடும் நாளில் டொலர் விலையும் தெரியாது, பணவீக்கமும் தெரியாது. ஆனால் அதே வரியைத் திருப்பிப்போட்டு வேறொரு கேள்வி கேட்கலாம்: முதலின் வாங்கும் திறன் குறையாமல் இருக்க, டொலர் எந்த விலையில் நிற்க வேண்டும்?

டொலர் வட்டி 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இலங்கைப் பணவீக்கத்துக்கு, மத்திய வங்கியின் இலக்கான 5 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 1.05ஐ 1.04ஆல் வகுத்தால் 1.0096. 2024 இறுதி விலையான 292.58ஐ அதனால் பெருக்கினால் 295 ரூபாய் 39 சதம். ஓராண்டு கழித்து டொலர் அதற்குக் கீழே நின்றால், வட்டி வாங்கியும் கூடை குறையும்.

இதோடு நிறுத்தினால் பாதிக் கணக்குத்தான். அதே பணத்தை ரூபாய் நிலையான வைப்பில் போட வழி இருக்கிறதல்லவா? அங்கே 8 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால், 1.08ஐ 1.04ஆல் வகுத்து 292.58ஆல் பெருக்க வேண்டும். 303 ரூபாய் 83 சதம். இந்த ஒப்பீட்டில் பணவீக்கம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு பணமும் ஒரே கடையில்தான் செலவாகப் போகிறது, அதனால் இரண்டு பக்கமும் ஒரே எண்ணால் வகுபட்டு அது விழுந்துவிடுகிறது.

டொலர் 295.39க்குக் கீழே போனால் டொலர் வைப்பில் நட்டம். 303.83க்கு மேலே போனால் அது ரூபாய் வைப்பை வென்றுவிடும். இரண்டுக்கும் இடையில் நின்றால் டொலர் வைப்பில் உண்மை இலாபம் உண்டு, ஆனால் ரூபாயில் போட்டிருந்தால் கூடக் கிடைத்திருக்கும்.

மாமா இந்த இரண்டு எண்ணையும் கொப்பியின் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டார். பிறகு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 303.83க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். 2022இல் 363ஐப் பார்த்தவருக்கு இந்த எண் பெரிதாகத் தெரியவில்லை, 2024இல் 292ஐப் பார்த்தவருக்குச் சின்னதாகவும் தெரியவில்லை. வைப்பை மூன்றில் ஒரு பங்கு டொலரிலேயே விட்டுவிட்டு மீதியை ரூபாயாக்கினார். ஏன் மூன்றில் ஒன்று என்று கேட்டேன். வீட்டுக்கு வாங்கும் மருந்தும் பெற்றோலும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்றார்.